பாம்பின் இடத்தில் எந்தப் பூனை

ஐந்து மணிக்குச் சேனல் மேடம் வருவதாக இருந்தது. தப்பான பூனை பதிவாகியிருப்பது இரண்டே முக்காலுக்குத்தான் தெரியவந்தது.

கண்டுபிடித்தவள் அண்ணி. அந்த டப்பிங் ஸ்டுடியோவில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். அங்கே டப்பிங் பொறுப்பில் இருந்தவள் அவளுடைய நாத்தனார். முதல் நாள் நாத்தனார் எல்லார் எதிரிலும் "அண்ணி, இங்க உட்காருங்க" என்று நாற்காலி இழுத்துப் போட்டதிலிருந்து, அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"மறுபடி ஓட்டுங்க," என்றாள் அண்ணி.

ஒலிப்பதிவாளர் மறுபடி ஓட்டினார். எப்போதும் மீட்டரின் முள்ளிலேயே கண் வைத்திருப்பதால் அவருக்கு மீட்டர் என்று பெயர். திரையில் ஒரு தையல்கடை. மச்சான்காரன் ஒரு பார்சலையும் ரசீதையும் நீட்டுகிறான். தையல்காரர் கையெழுத்துப் போட மறுக்கிறார். பத்து வருடத்துக்கு முன் இதே மச்சான் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, பெரிய கடையைப் பறிகொடுத்தவர். இப்போது வெறும் ரசீதைப் பார்த்தாலும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பூனை கண்ணை மூடிக்கொள்வதைப் பற்றிக் கணீரென்று ஒரு வரி சொன்னார்.

"இது எந்தப் பூனை?"

"நீங்க சொன்ன பூனைதான் அண்ணி."

"நான் சொன்னது அடுப்புப் பூனை. சூடு பட்ட பூனை. இது கண்ணை மூடுற பூனை!"

மீட்டர் வசனத் தாளை எடுத்துக் காட்டினார். பழைய வரி அடிக்கப்பட்டு, பக்கத்தில் அவசரக் கையெழுத்தில் 'பூனை' என்று மட்டும் இருந்தது. கையெழுத்து அண்ணியுடையது. "பூனைன்னுதான் இருக்கு. விலாசம் எழுதலயே."

அண்ணி தலையில் கை வைத்தாள். நான்கு நாளாக அவர்கள் அப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த பழமொழியை முழுசாக எழுதுவானேன் என்று ஒற்றைச் சொல்லில் குறித்துக்கொள்வார்கள். ஊசி, வெல்லம், நிழல், பூனை. தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருப்பது யாருக்கும் தோன்றவில்லை.

"கேக்க நல்லாதானே இருக்கு? விட்டுடலாமே," என்றார் மீட்டர்.

"எப்படி விடறது? ஏமாந்தவர் இவர், பயப்படறவரும் இவர். நீங்க போட்டிருக்கிற பூனை, ஊருக்குத் தெரியாதுன்னு நெனச்சுத் தப்பு பண்றவனுக்குச் சொல்றது. மச்சான் இன்னிக்கும் ஏமாத்த வந்திருக்கான்னு ஆயிடும். பாவம், இன்னிக்கு அவன் நெஜமாவே பார்சல்தான் கொண்டு வந்திருக்கான். கதையே அதுதான்."

நாத்தனார் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கழுத்தில் ஹெட்போன், கையில் இரண்டு டீ. விஷயத்தைக் கேட்டதும் இரண்டு டீயையும் அவளே குடித்துவிடுவாள் போல இருந்தது.

"அண்ணி, உங்களுக்காக நான் என் தலையை அடமானம் வச்சிருக்கேன். ஞாபகம் இருக்கட்டும்."

அதில் மிகையில்லை. பாரசீகத் தொடர் ஒன்று, இருபத்தாறு பகுதி. வழக்கம்போல ஆங்கில வசனத்தை வைத்துத் தமிழாக்கிய கட்டு ஒன்று சேனலில் தயாராகவே இருந்தது. நாத்தனார்தான் மேடத்திடம் போய், பாரசீகமே தெரிந்த ஆள் எங்கள் வீட்டில் இருக்கும்போது சுற்றி வளைத்துப் போவானேன் என்று பேசி, முதல் பகுதிக்கு மட்டும் அனுமதி வாங்கி வந்தாள். மேடம் பார்த்துச் சரி என்றால் இருபத்தாறும் அண்ணிக்கு. இல்லையென்றால் பழைய கட்டு. அண்ணி திரும்பவும் சான்றிதழ் மொழிபெயர்ப்புக்குப் போக வேண்டியதுதான். கணவனின் வேலை நிமித்தம் எட்டு வருடம் பாரசீகம் பேசும் நாட்டில் இருந்து, பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பேச்சையும் மாலை வகுப்பில் எழுத்தையும் கற்றுக்கொண்டு வந்தவள் அவள். ஊர் திரும்பிய பதினோரு வருடமாக அந்த மொழியில் அவளிடம் யாரும் பிறப்பு, திருமணம், இறப்பு தவிர வேறெதையும் கேட்டதில்லை. இந்தத் தையல்காரர்தான் முதல் ஆள்.

அவரோ பழமொழி இல்லாமல் வாயைத் திறக்காதவர். முதல் பகுதியிலேயே பதினான்கு. அண்ணி ஒவ்வொன்றையும் வீட்டில் குக்கர் சத்தத்துக்கு நடுவே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சொற்களை விட்டுவிட்டு, இதே ஆத்திரத்தில் நம்மூர்த் தையல்காரர் என்ன சொல்லுவார் என்று யோசித்தாள். சீரகம் விளைகிற ஊருக்கே ஒருவன் சீரகத்தை மூட்டை கட்டிக்கொண்டு போவதாக அவர் ஓரிடத்தில் கேலி செய்கிறார். அதற்குக் கொல்லர் தெருவில் விற்கப்படும் ஊசி அகப்பட்டபோது, தையல்காரர் வாயிலேயே ஊசி வருகிறதே என்று அன்று முழுதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிலவற்றுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 'கையில் உப்பில்லை' என்று அவர் அலுத்துக்கொள்வது, எவ்வளவு செய்தாலும் நன்றி கிடைக்காத கை என்ற பொருளில். அப்படியே தமிழில் சொன்னால் சமையல் சரியில்லை என்று ஆகிவிடும். அங்கே பழமொழியைத் தேடி மல்லுக்கட்டாமல், "யாருக்குச் செஞ்சாலும் எனக்குக் கெட்ட பேர்தான்" என்று சாதாரணமாகவே எழுதிவிட்டாள்.

"இடியைக் கூப்பிடு," என்றாள் அண்ணி. "ஒரே ஒரு லூப்தான், அந்த ஒரு வரி மட்டும். பத்து நிமிஷம்."

தையல்காரருக்குக் குரல் கொடுப்பவர் பெயர் இடி. அவர் அப்போது எதிர்ச்சாரிக் கட்டடத்தில் வேறொரு படத்துக்கு வில்லனாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் போனில் கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் "அண்ணே, நீங்க வரலைன்னா நானே உங்க குரல்ல பேசிடுவேன்" என்றாள். அவர் வருகிறேன் என்றார்.

அவர் வருவதற்குள் மீட்டர் அந்த லூப்பைத் தயார் செய்தார். சேனலிலிருந்து மதியம்தான் சுத்தமான பிரதி வந்திருந்தது. அதுவரை அவர்கள் வேலை பார்த்தது கீழே இடது ஓரத்தில் நேர எண் ஓடும் மங்கலான பிரதியில். புதியதில் அந்தக் கறுப்புக் கட்டம் இல்லை. தையல்காரர் வரியைச் சொல்லி முடித்ததும் மச்சான் தலை குனிகிறான். இத்தனை நாளும் வெட்கப்பட்டுக் குனிகிறான் என்றே அண்ணி நினைத்திருந்தாள்.

"நிறுத்துங்க. அங்க என்ன கிடக்குது?"

மீட்டர் படத்தைப் பெரிதாக்கினார். நேர எண் மறைத்திருந்த மூலையில், துணி மூட்டை கட்டுகிற கயிறு சுருண்டு கிடந்தது. கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிறு. மச்சான் அதைப் பார்க்கிறான். ஓரக்கண்ணால் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்குகிறான்.

"போச்சு," என்றாள் அண்ணி.

"என்ன போச்சு?"

"பாரசீகத்துல அவர் சொல்றதே பாம்பும் கயிறும்தான். பாம்புகிட்ட ஒரு தடவை கடி வாங்கினவனுக்கு இந்த ரெண்டு நிறக் கயிறே போதும், பயப்பட. சொல்லிட்டு அதையேதான் காட்டறாங்க. நான் பூனையைப் போட்டா, மச்சான் எதைப் பார்த்து சிரிக்கிறான்? அடுப்பு எங்க?"

"அப்ப பாம்பையும் கயிறையும் அப்படியே போட்டுடுங்களேன்," என்றாள் நாத்தனார்.

"நம்ம ஆளுக்குக் கயிறு, பாம்புன்னு காதுல விழுந்தா என்ன தோணும்? இல்லாததை இருக்கறதா நெனைக்கிற பிரமை. உலகமே மாயைன்னு பிரசங்கத்துல கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கோம். இவர் வேதாந்தம் பேசல, வாங்கின அடியைப் பேசறார்."

மணி மூன்று பத்து. இடி படியேறி வருகிற சத்தம் கேட்டது. அவர் மூச்சுகூட எதிரொலிக்கும். உள்ளே வந்ததும் ஒரு டீயை எடுத்துக்கொண்டார். "என்ன, என் பூனையில குறையா?"

"பூனையே வேண்டாம்ணே," என்றாள் அண்ணி. "ஒரிஜினலை ஒரு தடவை கேளுங்க."

மீட்டர் பாரசீக டிராக்கைத் திறந்தார். 'மார்' என்று தொடங்கியது வரி.

"மாரா? யார் மார்? அண்ணன்மாரா, தம்பிமாரா?"

"மார்னா பாம்புண்ணே."

"அடேயப்பா! அப்ப நம்ம வீட்டு மாமன்மார் எல்லாம்?" இடி சிரித்த சிரிப்பில் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய் நின்றது. "மொழி தெரிஞ்சுதான் பேர் வச்சிருக்காங்க."

அண்ணி சிரிக்கவில்லை. அவள் திரையில் தையல்காரரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'மா'வில் மூடித் திறக்கிறது வாய். நடுவில் ஒருமுறை மூடுகிறது. முடிவில் 'மிதர்சே', அதாவது 'பயப்படுகிறான்'. தமிழ்போலவே வினை கடைசியில் வருகிற மொழி. அங்கே இன்னொருமுறை உதடு சேர்கிறது. மொத்தம் பதினாறு அசை, மூன்றரை விநாடி. அடிபட்டவனின் பயம் வேண்டும். பயமில்லாத ஒரு பொருளைப் பார்த்துப் பயப்பட வேண்டும். அந்தப் பொருள் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், ஏன், ஒரு கயிறாகக்கூட...

"பேய்!" என்று கத்தினாள்.

மீட்டர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"பேய், பேய்! அரண்டு போனவன், அவன் கண்ணு, இருட்டு, பேய்! இருட்டா எது தெரிஞ்சாலும்னு வருதில்ல? எது வேணா! கயிறும் அதுல அடங்கிடும். கறுப்புக் கயிறுதானே!"

"பாதி வெள்ளை," என்றார் மீட்டர்.

"வெள்ளையிலயும் பேய் வரும்டா," என்றார் இடி.

நாத்தனார் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "பதிமூணு அசை. ரெண்டு மூணு குறையுது அண்ணி. அதோட 'அ'வுல ஆரம்பிக்குது, அவர் வாயை மூடித் திறக்கிறார்."

"முன்னால ஒரு மச்சானைப் போடு."

நாத்தனார் மறுபடி விரல் விட்டு எண்ணினாள். பிறகு அண்ணியின் கன்னத்தைக் கிள்ளினாள். 'மச்சான்', 'ம'வில் தொடங்குகிறது. பதினைந்து அசை ஆகிவிட்டது. கடைசியில் பேய்க்கு முன்னும் பேயிலும் உதடு தானாகச் சேர்கிறது. உறவும் சரியாக இருந்தது.

"இந்தத் தடவை முழுசா எழுதிக் கொடுங்க," என்றார் மீட்டர். "எனக்குப் பேயும் ரெண்டு மூணு தெரியும்."

இடி கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டினார். முதல் டேக்கில் சத்தம் அதிகம். இரண்டாவதில் 'மச்சான்' பிந்தியது. மூன்றாவதில் அவர் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்; திரையில் மச்சான் கயிற்றைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான்; திரைக்கு இந்தப் பக்கம் இடியோடு சேர்த்து நான்கு பேரும் அடக்காமல் சிரித்தார்கள். மணி நான்கு.

மேடம் ஐந்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்தார். ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். ஆங்கிலம் வழி வந்த பழைய கட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். படம் ஓட ஓட அதன் பக்கங்களைப் புரட்டி ஒப்பிட்டுக்கொண்டே பார்த்தார். ஊசிக்கு லேசாகப் புன்னகைத்தார். பேய்க்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"நிறுத்துங்க. இதுல வேற மாதிரி இருக்கே." பழைய கட்டில் விரல் வைத்தார். வாயில் அடங்குவதற்காகச் சுருக்கியதில் கடி போய், கயிறு பாம்பாய்த் தெரிவது மட்டும் அந்த வரியில் மிஞ்சியிருந்தது. "மச்சான் மேல இவருக்கு வீண் சந்தேகம், எல்லாம் பிரமைன்னு சொல்றார். அப்படித்தானே?"

"இல்லீங்க மேடம். கடி வாங்கினது நெஜம். பயம்தான் இப்ப தேவையில்லாதது."

மேடம் படத்தைப் பின்னால் ஓட்டச் சொல்லி மறுபடி பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார். நாத்தனார் மேசைக்கடியில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

கடைசிக் காட்சி. கடையைப் பூட்டப்போகிறார் தையல்காரர். இன்னும் எவ்வளவு கடன் வாங்கப் போகிறீர்கள் என்று மனைவி கேட்கிறாள். அவர் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறார். தலைக்கு மேலே போன பிறகு அதன் உயரத்தைச் சாணாலும் முழத்தாலும் அளந்து என்ன ஆகப்போகிறது என்ற அந்த எல்லாருக்கும் தெரிந்த வரி.

மேடம் கட்டை மூடி வைத்தார்.

"இங்கதான் எனக்கு இடிக்குது. இவ்வளவு நேரம் பரவாயில்லைன்னு பார்த்துட்டு வந்தேன். இது ரொம்ப அதிகம். சாண், முழம்னு அப்படியே எங்க அப்பா பேசற மாதிரி இருக்கு. இது வேற நாட்டுக் கதை, வேற மனுஷங்க. எல்லாரையும் நம்மாளா ஆக்கிட்டீங்கன்னா அப்புறம் அந்தத் தொடர் எதுக்கு? பார்க்கிறவங்க, மூலத்துல இல்லாததை நீங்க சேர்த்துட்டீங்கன்னு சொல்லுவாங்க. இந்தக் கட்டுல பாருங்க, அளவா இருக்கு: 'ஒரு அடியானா என்ன, நூறு அடியானா என்ன.' நான்கூட, எவ்வளவு அடி வேணா வாங்கத் தயாரா இருக்கார் மனுஷன்னு நெனச்சேன். அந்த மாதிரி புதுசா இருக்கணும்."

நாத்தனாரின் பிடி இறுகியது. மீட்டர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி எழுந்து நின்றாள். பயந்திருப்பாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். ஆனால் அவள் முகம் பரிசு விழுந்தவள் முகம் போல இருந்தது.

"மேடம், இந்தப் பதினாலுல நான் மாத்தாத ஒண்ணு இருக்குன்னா அது இதுதான். தண்ணி அவங்க தண்ணி. தலை அவங்க தலை. அவங்க நூறுன்னு சொல்ற இடத்துல முழம் மட்டும் நம்முது. அந்த அடி, கட்டு எழுதினவர் போட்டது. அவர் எழுதினது தண்ணியோட உயரம் மேடம். உதை இல்லை."

மேடம் மூடிய கட்டின்மேல் விரலால் தட்டினார். நம்பிய மாதிரித் தெரியவில்லை.

"குரலை எடுத்துடுங்க," என்று மீட்டரிடம் சொன்னாள் அண்ணி. "படம் மட்டும். மெதுவா. அவரோட வலது கையைப் பாருங்க மேடம்."

சத்தமில்லாமல் காட்சி ஓடியது. தையல்காரரின் உதடு அசைந்தது. பூட்டைப் பிடித்திருந்த கை பூட்டை விட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் எவ்வளவு அகலும் என்று பார்ப்பதுபோல விரிந்து, ஒரு கணம் காற்றில் நின்றது. வாழ்நாளெல்லாம் துணி அளந்த கை.

"இப்ப சத்தம். பாரசீகம்."

'வஜப்' என்ற சொல்லில் கை விரிந்தது. மீட்டர் சொல்லாமலே இரண்டாம் முறை ஓட்டினார். வஜப். கை.

"வஜப்னா..." என்று அண்ணி தொடங்கினாள்.

"தெரியுது," என்றார் மேடம். அவருடைய வலது கை அவரை அறியாமல் மேசைமேல் விரிந்திருந்தது. அதைத் தானே பார்த்தார். சுண்டு விரலைத் தூக்கி, கட்டை விரலை அங்கே கொண்டுவந்து, பழைய கட்டின் அட்டைமேல் இன்னொரு சாண் வைத்தார். "இதை அவங்களும் சொல்றாங்களா? இப்படியேவா?"

"இப்படியேதான் மேடம். முதல் தடவை கேட்டப்போ நான் பக்கத்து வீட்டம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ஆடினேன். பால்கனியில. அவங்களுக்கு எதுக்குன்னு புரியவே இல்லை."

"அப்ப பூனை, பேயெல்லாம்?" மேடத்துக்குப் பூனையைப் பற்றி நாத்தனார் எப்போது சொன்னாள் என்று தெரியவில்லை.

"அவங்க சொல்றது நம்ம காதுல வேற மாதிரி விழுந்தா மாத்துவேன். அதே மாதிரி விழுந்தா தொட மாட்டேன். ஒவ்வொண்ணும் தனித்தனியாத்தான் பார்க்கணும் மேடம், மொத்தமா ஒரு சட்டம் போட முடியாது."

மேடம் பழைய கட்டை எடுத்துக் கைப்பைக்குள் செருகி, ஜிப்பை இழுத்து மூடினார். எழுந்திருக்கப் போகிறார் என்று நாத்தனார் நாற்காலியை நகர்த்தினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டாவது எபிசோட்ல அந்த ஆள் முதல்ல என்ன சொல்றார்?"

"கடையில அவரும் மச்சானும் சேர்ந்து ஒரே சட்டையை வெட்டறாங்க மேடம். ஒரே பானையில ரெண்டு பேர் சமைச்சா உப்பு என்ன கதி ஆகும்னு சொல்றார். ஒண்ணு கரிக்கும், இல்ல உப்பே இருக்காது."

"ஓ! நம்மகிட்ட... இருங்க, இருங்க, சொல்லாதீங்க." மேடம் கையை நீட்டித் தடுத்தார். "தச்சன்! மரம் பார்க்கிறவன்!"

"அது வேற மேடம், அவன் ஒருத்தன்தான்," என்றாள் நாத்தனார். "மரம்தான் நிறைய."

"ஆறு," என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்து இடியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. அவர் கிளம்பவே இல்லை. "ரெண்டு படகு, ஆறு, ஒரு காலு!"

"அதுவும் ஒருத்தன்தான்ணே! இங்க ரெண்டு பேர், வேலை ஒண்ணு!" என்றாள் அண்ணி.

"அப்ப ரெண்டு பொண்டாட்டி..."

"அண்ணே!"

"மாமியார்ல எதாவது இருக்கும் பாருங்க," என்றார் மீட்டர். "மாமியார்ல எல்லாமே இருக்கும்."

மேடம் கண்ணை மூடி, விரலால் நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கிறீங்க," என்று அண்ணியைக் குற்றம்சாட்டினார்.

"சத்தியமாத் தெரியாது மேடம்," என்றாள் அண்ணி. குறிப்பு நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டாள். "மூணு நாளா மண்டையைக் குடையுது. வாங்க, நீங்களும் சேர்ந்து குடைங்க."